இசட் மதிப்பெண் −3.07: பிழை எங்கே நுழைந்தது?

நிலக்கடலையில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்சின் நச்சை ஓர் ஆய்வகம் சரியாக அளக்கிறதா என்பதை அறிய, திறன் சோதனை நடத்தும் அமைப்பு ஒரே கடலை மாவை நன்கு கலந்து, பொட்டலங்களாகப் பிரித்துப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. ஒவ்வோர் ஆய்வகமும் தன் வழக்கமான முறையில் அளந்து முடிவை அனுப்பியதும், அதற்கு இசட் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது.

z = (x − X) / σ

இதில் x ஆய்வகம் சொன்ன மதிப்பு. X ஒதுக்கப்பட்ட மதிப்பு, அதாவது உண்மைக்கு மிக அருகில் இருப்பதாக ஏற்கப்படும் எண். σ அந்தச் சோதனைக்கென அனுமதிக்கப்பட்ட திட்ட விலக்கம். பெரும்பாலும் X பங்கேற்பாளர்களின் முடிவுகளிலிருந்தே பெறப்படுகிறது. விலகி நிற்கும் சில எண்கள் அதைத் தம் பக்கம் இழுத்துவிடாதபடி கணக்கிடும் முறைகள் உள்ளன. கிலோவுக்கு 120 மைக்ரோகிராமுக்குக் குறைவான செறிவுகளுக்கு, X-இன் 22 விழுக்காட்டை σ ஆக வைப்பது வழக்கம்.

மதிப்பெண் −2 முதல் +2 வரை இருந்தால் திருப்திகரம். கூட்டலோ கழித்தலோ, 2-க்கும் 3-க்கும் இடைப்பட்டால் ஐயத்துக்குரியது. 3-ஐ எட்டினாலோ தாண்டினாலோ திருப்தியற்றது. முடிவுகள் இயல்பான பரவலில் அமைந்தால், நன்றாக வேலை செய்யும் ஆய்வகத்துக்கும் 100 முறையில் ஏறக்குறைய 5 முறை 2-ஐத் தாண்டிய மதிப்பெண் தற்செயலாகவே வரும். 3-ஐத் தாண்டுவதோ 1000-இல் சுமார் 3 முறைதான். ஆகவேதான் 3 என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் ஆய்வகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பி1 வகை நச்சுக்கு ஒதுக்கப்பட்ட மதிப்பு கிலோவுக்கு 8.0 மைக்ரோகிராம், σ 1.76. ஆய்வகம் 2.6 என்று எழுதியதால் மதிப்பெண் −3.07. உடனே மாவை மீண்டும் எடுத்து அளக்கத் தோன்றும். ஆனால் விடை தெரிந்த பின் கிடைக்கும் சரியான எண் பிழை எங்கே நேர்ந்தது என்பதைச் சொல்லாது. முதலில் பார்க்க வேண்டியவை காகிதங்கள்: எண் பெயர்த்தெழுதியதில் தவறா, அலகு மாறியதா, நீர்த்தல் காரணி விடுபட்டதா? இங்கே அவை எல்லாம் சரியாகவே இருந்தன.

அடுத்து, அதே மாவில் அளந்த மற்ற மூன்று வகைகளைப் பார்க்க வேண்டும். ஜி1-க்கு 3.0 இருக்க வேண்டிய இடத்தில் 1.1, மதிப்பெண் −2.88. பி2, ஜி2 இரண்டும் முறையே −0.30, +0.57. வழக்கின் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஜி1 "ஐயத்துக்குரியது" என்ற பெட்டியில் விழுந்தாலும், பி1-ஐப் போலவே அதுவும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. இரண்டுக்கும் நோய் ஒன்றே. மாவிலிருந்து நச்சைப் பிரித்தெடுப்பதில் குறை இருந்தால் நான்கு வகையும் குறைந்திருக்கும்.

பி1, ஜி1 மூலக்கூறுகளின் ஓரத்து வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. பி2, ஜி2 இரண்டிலும் அது இல்லை. நச்சு அதன் ஒளிர்வைக் கொண்டே அளக்கப்படுகிறது. தண்ணீர் கலந்த கரைப்பானில் முன்னவை மங்கலாகவே ஒளிர்வதால், கலவையின் கூறுகளைப் பிரிக்கும் எச்பிஎல்சி கருவியில் அவை பிரிந்து வந்த பிறகு ஒரு சிறு மின்வேதிக் கலம் புரோமினை உண்டாக்கி, அந்தப் பிணைப்பில் சேர்த்து, ஒளிர்வைக் கூட்டுகிறது. அந்தக் கலம் தளர்ந்தால் பி1, ஜி1 மட்டுமே குறையும்.

ஆனால் ஒப்பிட்டு அளக்க உதவும், செறிவு தெரிந்த அளவுத்திருத்தக் கரைசலும் அதே கலத்தின் வழியாகத்தானே போகிறது, தளர்வு இரண்டையும் சமமாகப் பாதித்து ஈடாகியிருக்காதா? கருவியின் ஓட்ட வரிசை இதற்கு விடை சொல்லியது. அளவுத்திருத்தமும் தரக்கட்டுப்பாட்டு மாதிரியும் காலையில் ஓடின. திறன் சோதனை மாதிரி, கருவியில் நாற்பது முறை கரைசல்களைச் செலுத்திய பிறகு, இரவில் ஓடியது. கலம் இடையில் தளர்ந்ததை யாரும் பார்க்கவில்லை, ஏனெனில் ஓட்டத்தின் முடிவில் அளவுத்திருத்தக் கரைசலை மீண்டும் செலுத்தும் வழக்கம் அங்கே இல்லை.

கலத்தின் சவ்வை மாற்றுமுன் அதே கரைசலைச் செலுத்தியபோது, பி1 காலையில் தந்த உச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. மாற்றிய பின், குளிரில் வைத்திருந்த பழைய சாறே 7.7 தந்தது. சாறு மாறவில்லை, கலம் மட்டுமே மாறியது என்பதால் இது வெறும் மறு அளவீட்டைவிட வலுவான சான்று.

விசாரணை இங்கே முடிவதில்லை. நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் பி1-க்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். உண்மையில் 5 இருந்த ஒரு சரக்கு, அந்த இரவுகளில் அளக்கப்பட்டிருந்தால், சுமார் 1.7 என்று தேர்ச்சி பெற்றிருக்கும். ஆகவே, கலம் நன்றாக இருந்ததற்குச் சான்றுள்ள கடைசி நாளிலிருந்து, நீண்ட ஓட்டங்களின் பிற்பகுதியில் அளந்து கொடுத்த ஒவ்வோர் அறிக்கையையும் எடுத்து, எஞ்சிய மாதிரியை மீண்டும் அளந்து, தேவைப்பட்டால் வாடிக்கையாளருக்குத் திருத்த அறிக்கை அனுப்ப வேண்டும்.