சூடையைத் தொட்டால் வாளை திறந்தது: பிளாக், இன்லைன், இன்லைன்-பிளாக்

மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு இணையதளம் ஒன்று செய்து கொடுத்திருந்தேன். நெத்திலி, சூடை, முரல், வாளை, திருக்கை, கணவாய் என ஆறு வகைகளுக்கும் ஆறு இணைப்புகளை முதல் பக்கத்திலேயே பொத்தான் போல வைத்திருந்தேன். என் கணினித் திரையில் ஆறும் ஒரே வரிசையில் அழகாக நின்றன. தளம் பயன்பாட்டுக்கு வந்த சில நாட்களில் கடைக்கார அம்மா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, சூடையைத் தொட்டா வாளை வருதுன்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க, என்னன்னு பாருங்க" என்றார். உண்மைதான். கைபேசியில் ஆறு பொத்தான்களும் மூன்று வரிசைகளாக மடிந்து, கீழ்வரிசை மேல்வரிசையின் மீது ஏறி உட்கார்ந்திருந்தது. முரல் என்ற சொல்லில் மு-வின் கீழ்ச்சுழி மறைந்துபோய், பார்ப்பவருக்கு மரல் என்று தெரிந்தது.

நான் எழுதியிருந்த சிஎஸ்எஸ் இதுதான்:

```css
.vagai a {
  font-size: 16px;
  line-height: 24px;
  padding: 12px 16px;
  margin: 8px;
  width: 120px;
  background: #0b5563;
  color: white;
}
```

இதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் `a` என்பது இயல்பிலேயே `display: inline` கொண்ட உறுப்பு என்பதால், `width` வரி முழுமையாகவும் `margin` வரி பாதியளவும் வேலை செய்யவில்லை.

இன்லைன் உறுப்பு ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் சொல்லைப் போன்றது. சொல்லின் அகலத்தை அதன் எழுத்துகளே தீர்மானிக்கின்றன. அதற்கு வெளியிலிருந்து ஓர் அகலம் சொல்வதில் பொருள் இல்லை, ஏனெனில் அந்தச் சொற்றொடர் வரியின் இறுதியில் இரண்டாக உடைந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் நிற்கக்கூடும். மார்ஜின் என்பது பெட்டிக்கு வெளியே விடும் இடம்; இடது, வலது மார்ஜின் பக்கத்துச் சொல்லைத் தள்ளும். மேல், கீழ் மார்ஜினுக்கோ எந்த விளைவும் இல்லை, ஏனெனில் வரிகளுக்கு இடையிலான தொலைவை நிர்ணயிக்கும் பொறுப்பு `line-height` வசம் இருக்கிறது. பத்தியின் நடுவே ஒரு சொல்லை அலங்கரித்ததற்காக அந்த வரி மட்டும் விலகி நின்றால் படிப்பவரின் கண் தடுக்கும் என்பதால், இந்த ஏற்பாடு காரணத்தோடு செய்யப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. (படம் போன்றவை விலக்கு. `img` இன்லைனாக இருந்தாலும் அதற்கு அகலமும் மேல் கீழ் மார்ஜினும் செல்லுபடியாகும், ஏனெனில் அது வரிகளாக உடையக்கூடிய எழுத்து அல்ல.)

பலரையும் ஏமாற்றுவது, எழுத்துக்கும் பெட்டியின் ஓரத்துக்கும் நடுவே விடும் இடமான பேடிங்தான். இன்லைன் உறுப்பின் மேல், கீழ் பேடிங் திரையில் வரையப்படுகிறது, பின்னணி நிறமும் அதுவரை நீள்கிறது, ஆனால் வரியின் உயரத்தைக் கணக்கிடும்போது அது சேர்க்கப்படுவதில்லை. என் பக்கத்தில் எழுத்துப் பகுதியின் உயரம் ஏறத்தாழ 20 பிக்சல். இது எழுத்துருவைப் பொறுத்து மாறும். மேலே 12, கீழே 12 சேர்த்தால் கண்ணுக்குத் தெரியும் பெட்டி 44 பிக்சல். அடுத்த வரியோ 24 பிக்சல் தள்ளியே தொடங்கிவிடுகிறது. ஆக, ஒவ்வொரு பெட்டியின் கீழ் 20 பிக்சலும் அடுத்த வரிசையின் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. பின்னால் வருவது மேலே வரையப்படும். விரல் தொடுகையும் மேலே இருப்பதற்கே போய்ச் சேரும். சூடைப் பொத்தானின் கீழ்ப்பகுதியைத் தொட்டவர்கள் உண்மையில் அடுத்த வரிசையில் இருந்த வாளையைத்தான் தொட்டிருக்கிறார்கள்.

இதைக் கணினியில் கண்டுபிடிக்க ஒரு வழி, உலாவியின் ஆய்வுக் கருவியில் உள்ள கைபேசிக் காட்சியை 360 பிக்சல் அகலத்தில் வைத்துப் பார்ப்பது. ஒற்றை வரிசையில் இந்தக் குறை ஒருபோதும் வெளியே தெரியாது. ஃபயர்பாக்ஸின் ஆய்வுக் கருவியில் அந்த இணைப்பைத் தேர்ந்தெடுத்தால், `width` மங்கலாகி, அருகில் ஒரு தகவல் குறி தோன்றும். அந்த விதி அங்கே செயல்படவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

நான் சேர்த்தது ஒரே வரி: `display: inline-block`. இப்போது ஒவ்வொரு இணைப்பும் வரிக்குள் நிற்கும் உடையாத ஒரு பெட்டி. கருவாட்டுக் கூடைகளை வரிசையாக அடுக்குவது போல, உள்ளே இருப்பது எதுவானாலும் கூடையின் முழு அளவும் வரியின் கணக்கில் சேரும். எழுத்து வரி 24, பேடிங் 24, ஆகப் பெட்டி 48 பிக்சல். மேல் கீழ் மார்ஜின் தலா 8 சேர்ந்து வரியின் உயரம் 64. வரிசைகளுக்கு இடையில் 16 பிக்சல் வெளி கிடைத்தது.

அகலமும் செயல்படத் தொடங்கியதும் இன்னொரு சிக்கல் வந்தது. 120 பிக்சல் அகலம், பக்கப் பேடிங் 32, பக்க மார்ஜின் 16, மொத்தம் 168. திரை 360, பக்கத்தின் இருபுற ஓரமும் சேர்ந்து 24 போக மிச்சம் 336. இரண்டு பொத்தான்கள் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். ஆனால் வரிசைக்கு ஒன்றுதான் நின்றது. காரணம், குறிநிரலில் இரண்டு `a` உறுப்புகளுக்கு நடுவே நான் விட்டிருந்த வரி முறிவு. இன்லைன்-பிளாக் இன்னும் வரிக்குள்தான் வாழ்கிறது என்பதால், அந்த முறிவு இரண்டு சொற்களுக்கு இடையிலான வெற்றிடமாக மாறி ஏறத்தாழ 4 பிக்சலை எடுத்துக்கொண்டது. பெற்றோர் உறுப்புக்கு இதைக் கொடுத்தவுடன் அந்த வெற்றிடம் மறைந்தது:

```css
.vagai {
  display: flex;
  flex-wrap: wrap;
}
```

பொத்தான்களை வரிசைப்படுத்த இன்று இதுவே சரியான வழி என்பது என் கருத்து. ஒரு வாக்கியத்தின் நடுவே நிற்க வேண்டிய சிறு முத்திரைகளுக்கு மட்டும் இன்லைன்-பிளாக்கை வைத்துக்கொள்கிறேன்.

அதே தளத்தில் பிளாக்கின் குணமும் என்னைச் சோதித்தது. `h2` தலைப்புக்குப் பின்னணி நிறம் கொடுத்தபோது, நிறம் எழுத்தோடு நிற்காமல் பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. அகலம் குறிப்பிடாத பிளாக் உறுப்பு, தன்னை உள்ளடக்கிய பெட்டியின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இன்லைன்-பிளாக்காக மாற்றினேன், அது உள்ளடக்கத்தின் அளவுக்குச் சுருங்குவதால் நிறம் எழுத்தோடு நின்றது. ஆனால் தலைப்புக்கு மேலே இருந்த வெளி திடீரென்று கூடிவிட்டது.

மேலே இருந்த பத்தியின் கீழ் மார்ஜின் 20, தலைப்பின் மேல் மார்ஜின் 30. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிளாக்குகளின் செங்குத்து மார்ஜின்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, பெரியது மட்டுமே எஞ்சும். அதனால் முன்பு வெளி 30 பிக்சல். இன்லைன்-பிளாக்கின் மார்ஜினோ அதன் வரியின் உயரத்துக்குள் சேர்ந்துவிடுவதால் வெளியே இருக்கும் பத்தியின் மார்ஜினோடு கலக்க முடியாது. இரண்டும் கூடி 50 ஆனது. நான் முதலில் மார்ஜினை 10 ஆகக் குறைத்து ஒப்பேற்றினேன்; பிறகு அதே தலைப்பு வேறு பக்கத்தில் மார்ஜின் இல்லாத ஒரு பட்டியலுக்குக் கீழே வந்தபோது 10 பிக்சல் வெளியோடு நெருக்கி நின்றது. உண்மையான திருத்தம், தலைப்பைப் பிளாக்காகவே விட்டு அகலத்தை மட்டும் சுருக்குவது:

```css
h2 {
  width: fit-content;
  margin-top: 30px;
}
```

பத்திக்குக் கீழே வந்தாலும் பட்டியலுக்குக் கீழே வந்தாலும் இப்போது வெளி 30 பிக்சல்தான்.