4 வருடம், 12 மாதம், 4 நாள்

விட்டு விட்டு வேலை பார்த்த ஒருவரின் பணிக்காலங்களைக் கூட்டினால் கடைசியில் மொத்த நாட்கள் என்று ஒரே ஓர் எண் நிற்கும். பணிப்பதிவேட்டிலோ அதை வருடம், மாதம், நாள் என்று பிரித்து எழுத வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் கையால் பிரிக்க முடியாது. அதனால் பெரும்பாலானோர் எக்செல்லில் வருடத்துக்கு 365 நாள், மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டு இப்படிப் போடுவார்கள்:

```
B2: =INT(A2/365)
C2: =INT(MOD(A2,365)/30)
D2: =MOD(MOD(A2,365),30)
```

A2-வில் மொத்த நாட்கள் இருக்கின்றன. INT வகுத்து வரும் முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும், MOD மீதியைத் தரும். 1000 நாட்களைக் கொடுத்தால் 2 வருடம் போக மீதி 270, அது சரியாக 9 மாதம். கணக்கு கச்சிதமாக இருக்கிறது.

இப்போது 1824 நாட்களைக் கொடுத்துப் பாருங்கள். 4 வருடத்துக்கு 1460 போனால் மீதி 364. அதை 30-ஆல் வகுத்தால் 12 மாதம், மிச்சம் 4 நாள். ஆக விடை 4 வருடம், 12 மாதம், 4 நாள். இதை யாரும் பதிவேட்டில் எழுத மாட்டார்கள்.

சூத்திரத்தில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. 30 நாள் மாதங்கள் பன்னிரண்டைச் சேர்த்தால் 360 நாள்தான் வரும். வருடத்துக்கோ 365 வைத்திருக்கிறோம். நடுவில் நிற்கும் 5 நாட்களுக்கு எந்த மாதத்திலும் இடமில்லை. வருடங்கள் போன மீதி 360 முதல் 364 வரை இருந்தால் மட்டும் இது தலைகாட்டும். அதனால்தான் பத்துப் பதினைந்து வரிகளைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறோம். மாத நெடுவரிசையை 12 என்று வடிகட்டிப் பார்த்தால் மாட்டிக்கொண்ட வரிகள் அத்தனையும் வந்து நிற்கும்.

அவற்றைக் கண்டதும் எல்லோரும் செய்யும் காரியம், 12 மாதத்தை ஒரு வருடமாக்கி 5 வருடம், 0 மாதம், 4 நாள் என்று திருத்துவது. பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இது முன்னதைவிட மோசம். 1825 நாள் வேலை பார்த்தவருக்கு இதே சூத்திரம் சரியாக 5 வருடம் தருகிறது. ஒரு நாள் குறைவாக வேலை பார்த்தவருக்கு 4 நாள் கூடுதலாகப் போய்விட்டது! பணிமூப்புப் பட்டியல் என்றால் வரிசையே தலைகீழாகிவிடும்.

வருடத்தையும் 360 என்று வைத்தால் முரண்பாடு தீரும். ஆனால் நாட்களை நாட்காட்டிப்படி எண்ணியிருந்தால் முழு 30 வருடம் என்பது சுமார் 10957 நாள். அதை 360-ஆல் பிரித்தால் 30 வருடம், 5 மாதம், 7 நாள் என்று வீங்கிவிடும். சரி, வருடத்துக்குச் சராசரியான 365.2425-ஐயும், மாதத்துக்கு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கையும் எடுக்கலாமா? அப்போது 365 நாள் முழுசாக வேலை பார்த்தவருக்கு ஒரு வருடம் கிடைக்காது, 11 மாதம் 30 நாளில் நின்றுவிடும். ஒரு வருடம் முடித்தால்தான் தகுதி என்ற விதி இருந்தால் வம்பு.

விதி 365-ம் 30-ம் என்று சொல்லியிருந்தால் நான் மாதத்தை 11-க்கு மேல் போகவிடாமல் நிறுத்திவிடுவேன்:

```
C2: =MIN(11,INT(MOD(A2,365)/30))
D2: =MOD(A2,365)-30*C2
E2: =365*B2+30*C2+D2-A2
```

1824 இப்போது 4 வருடம், 11 மாதம், 34 நாள் ஆகும். 34 நாள் என்பது கண்ணை உறுத்தும்தான். ஆனால் எந்த நாளும் தொலையவில்லை, எதுவும் இலவசமாக வரவும் இல்லை. E நெடுவரிசை முழுக்கப் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நாட்காட்டிப்படி துல்லியமாக வேண்டும் என்றால் மொத்த நாட்கள் மட்டும் போதாது. 59 நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். லீப் அல்லாத வருடத்தில் ஜனவரி 1-இல் தொடங்கினால் அது முழுசாக இரண்டு மாதம். ஜூலை 1-இல் தொடங்கினால் ஒரு மாதமும் 28 நாளும்தான். தொடக்கத் தேதி கையில் இருந்தால் அதை வைத்தே பிரிக்க வேண்டும்.

பல பணிக்காலங்கள் உள்ளவருக்கு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டு அப்புறம் கூட்டுவதும் அதே 5 நாள் சிக்கலைக் கொண்டுவரும். தலா 200 நாள் கொண்ட மூன்று காலங்கள் என்றால் ஒவ்வொன்றும் 6 மாதம் 20 நாள். கூட்டினால் 18 மாதம் 60 நாள், அதாவது 1 வருடம் 8 மாதம். முதலில் 600 என்று கூட்டிவிட்டுப் பிரித்தால் 1 வருடம், 7 மாதம், 25 நாள். ஆகவே நாட்களாகவே கூட்டிக்கொண்டு வந்து, கடைசி வரியில் ஒரே ஒரு தடவை மட்டும் பிரியுங்கள்.