வெட்டின படம் எண்டு அழாதீங்க, முழுப்படம் போனுக்குள்ளேயே இருக்கு

மட்டக்களப்பில ஸ்டூடியோ வச்சிருக்கிற எனக்கு இந்த மாசம் இது எத்தனையாவது தரம் எண்டே தெரியல, அதனாலதான் எழுதுறன். களுவாஞ்சிக்குடியில இருந்து ஒரு தம்பி வந்தார், அம்மாட 31ஆம் நாளுக்கு 12க்கு 18 பிரேம் வேணுமாம். பென்ட்ரைவ்ல ஒரே ஒரு படம், அம்மாட முகம் மட்டும், தலைமுடி மேல வெட்டுப்பட்டு, தோளும் இல்ல. "அண்ணன், போட்டோஷொப்ல தோள வரைஞ்சு தாங்க" எண்டு கேக்கிறார். நான் வரையிற தோள் உங்கட அம்மாட தோள் இல்ல தம்பி, அவ அண்டைக்குக் கட்டியிருந்த சாறியும் இல்ல.

முழுப்படம் எங்க எண்டு கேட்டா, "நான் ஐபோன்லயே கிராப் பண்ணி சேவ் பண்ணிட்டன், மிச்சம் போயிட்டுது" எண்டார். இந்தப் பேச்சுத்தான் எனக்கு விசர் ஏத்துறது. போயிட்டுது எண்டு ஆர் சொன்னது? ஐபோன் Photos ஆப்ல கிராப் பண்றது கத்தரிக்கோலால வெட்டுறது மாதிரி இல்ல. எடுத்த படம் அப்படியே உள்ள இருக்கும், "இந்த இடத்தில இருந்து இந்த இடம் வரைக்கும் காட்டு" எண்ட குறிப்பு மட்டும் பக்கத்தில சேரும். Done அமத்தினாலும் அப்படித்தான், ரெண்டு வருசம் கழிச்சுப் பாத்தாலும் அப்படித்தான், கிராப்புக்கு மேல கிராப் பண்ணியிருந்தாலும் முதல் எடுத்த படம் அசையாது.

பென்ட்ரைவ்ல இருந்த படத்திட பேரப் பாத்த உடனேயே எனக்கு விளங்கிட்டுது, IMG_E2316.JPG. ஐபோன கேபிளால விண்டோஸ் கொம்பியூட்டர்ல போட்டுக் கொப்பி எடுத்தா எடிட் பண்ணின படத்துக்கு மூணு ஃபைல் வரும். IMG_2316 எண்டது முழுப்படம், E போட்டது வெட்டின படம், .AAE எண்டு முடியிற குட்டி ஃபைல்தான் அந்தக் குறிப்பு. தம்பி AAEய வைரஸ் எண்டு அழிச்சு, E இல்லாததையும் டபுள் கொப்பி எண்டு அழிச்சிட்டு வந்திருக்கார். நல்ல காலம், போன்ல அழிக்கல.

போன வாங்கிப் படத்தத் திறந்து மேல தள்ளினா அளவு காட்டும், 900 × 1100. அந்தப் போன் கெமரா எடுக்கிறது 4032 × 3024, அப்ப வெட்டித்தான் இருக்கு. Edit போய் Revert, பிறகு Revert to Original. அவ்வளவுதான். மாமாங்கத் திருவிழாவில அம்மா, அக்கா, சின்னம்மா மூணு பேரும் இருந்து எடுத்த படம் முழுசா வந்திட்டுது, அம்மாட தோளில அக்காட கையும் இருக்கு. தோள், தலைமுடி எல்லாம் வாற மாதிரி திரும்ப வெட்டினன், 1500 × 2250 கிடைச்சிது. 12 அங்குல அகலத்துக்குப் பிரிச்சா அங்குலத்துக்கு 125 புள்ளி. அடிக்கிறதுக்கு 300 எண்டா நல்லம்தான், ஆனா சுவரில மாட்டித் தள்ளி நிண்டு பாக்கிற படத்துக்கு இது போதும். அவர் கொண்டு வந்ததில அதே 12 அங்குல அகலத்துக்கு 75தான், அதுல முகம் கட்டம் கட்டமா உடைஞ்சிருக்கும்.

ஒண்டு கவனம். Revert கொடுத்தா கிராப் மட்டும் இல்ல, நீங்க கூட்டின வெளிச்சம், கலர், ஃபில்டர் எல்லாம் போயிடும், திரும்ப எடுக்கவும் ஏலாது. அதுகள் வேணுமெண்டா Edit உள்ள கிராப் அடையாளத்த அமத்தி மூலையப் பிடிச்சு வெளிய இழுங்க, மறைஞ்சு கிடந்த பக்கம் தானா வரும். பயமா இருந்தா முதல்ல Duplicate பண்ணிட்டு அதில செய்யுங்க. கூகுள் போட்டோஸ்லயும் Edit போனா Revert இருக்கும். அதில Save copy கொடுத்திருந்தா வெட்டினது வேற படமா நிக்கும், முழுப்படம் பழைய இடத்திலேயே கிடக்கும், தேடிப் பாருங்க.

இனி ஏலாத இடம். வட்ஸ்அப்பில வந்த வெட்டின படம், ஸ்கிரீன்ஷொட், அந்த E ஃபைல் எல்லாத்திலயும் வெட்டினது மட்டும்தான் இருக்கு, நான் தலைகீழா நிண்டாலும் மிச்சம் வராது. அனுப்பின ஆளிட போன்லதான் கேக்கணும். வெட்டின படத்த லைப்ரரில அழிச்சா உள்ள இருக்கிற முழுப்படமும் சேந்துதான் போகும், ரெண்டும் ஒண்டுதான். Recently Deleted உள்ள 30 நாளுக்குள்ள பாத்தா மீட்கலாம்.

பொம்புளப் பிள்ளையளுக்கு இன்னொண்டும் சொல்லணும். AirDropல அனுப்பேக்குள்ள Options உள்ள All Photos Data போட்டிருந்தா முழுப்படமும் சேந்து போகும், வாங்கின ஆள் Revert பண்ணிப் பாக்கலாம். ஆரையாவது, எதையாவது மறைக்கத்தான் வெட்டினீங்க எண்டா அத நிப்பாட்டிட்டு அனுப்புங்க.

தயவு செய்து கடைக்கு வரேக்குள்ள போனையே கொண்டு வாங்க. வர ஏலாதெண்டா Revert பண்ணின முழுப்படத்த வட்ஸ்அப்பில Document ஆ அனுப்புங்க, எங்க வெட்டுறது எண்டத பிரேம் அளவப் பாத்து நாங்க வெட்டுறம்.