மூச்சு போய் முப்பது நொடி வந்தது

கடலூர்ப் பக்கத்தில் பொங்கலுக்கு ஊருக்கு ஊர் கபடிப் போட்டி உண்டு. போன தடவை ஒரு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோட்டுக்கு வெளியே ஒரு பையன் கைப்பேசியில் நொடி எண்ணிக்கொண்டிருந்தான். முப்பது ஆனதும் "டைம்!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்த பெரியவர் முணுமுணுத்தார்: "எங்க காலத்துல மூச்சுதான்டா கடிகாரம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுத் திரும்ப வேண்டும். மூச்சு அறுந்தால் ஆள் அவுட். ஒரு பாட்டு எவ்வளவு நேரம் நீளும் என்பதை அவருடைய நுரையீரல்தான் முடிவு செய்தது. ஊர்த் திடலில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. தொலைக்காட்சிக்குத்தான் தொல்லை. அதற்கு ஆட்டம் எப்போது முடியும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். இடையில் சும்மா கழியும் நேரமும் இருக்கக் கூடாது.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் இதற்கு இரண்டு விதிகளை முன்னால் வைத்தது. ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒரு பாட்டுக்கு, 30 நொடி. ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், மூன்றாவதில் எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பாடிப் போனவர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. இதற்குப் பெயர் 'டூ ஆர் டை' ரெய்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு நிமிடம் மிச்சம், ஒரு அணி மூன்று புள்ளி முன்னிலை. ஒவ்வொரு ரெய்டும் முழு 30 நொடி போனால் மொத்தம் எட்டு, ஆளுக்கு நான்கு. 'டூ ஆர் டை' விதி இல்லையென்றால் முன்னிலையில் இருப்பவர்கள் நான்கு முறையும் கோட்டைத் தாண்டி ஒரு சுற்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்து ஜெயித்துவிடலாம். நல்ல தந்திரம்தான், ஆனால் பார்க்கிறவன் சேனலை மாற்றிவிடுவான். புது விதியில் அந்த நான்கில் ஒன்றிலாவது துணிந்து இறங்கியே ஆக வேண்டும். கடைசி நிமிடம் வரை பரபரப்பு இருப்பதற்கு விதியே ஏற்பாடு செய்துவிடுகிறது.

ஊடகவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் 'ஊடகமயமாதல்' என்கிறார்கள். ஊடகம் ஒன்றைக் காட்டுவது வேறு, காட்டப்படுவது ஊடகத்தின் வசதிக்கு ஏற்பத் தன்னையே மாற்றிக்கொள்வது வேறு. அந்த வசதியின் கட்டளைகளுக்கு, அதாவது சுருக்கம், மோதல், முகம், நேரக்கட்டம் ஆகியவற்றுக்கு, 1979இல் டேவிட் ஆல்தைடும் ராபர்ட் ஸ்னோவும் 'ஊடகத் தர்க்கம்' என்று பெயர் வைத்தார்கள்.

அரசியலில் இது எப்படி முற்றுகிறது என்பதை 2008இல் யெஸ்பர் ஸ்ட்ரொம்பெக் என்ற ஆய்வாளர் நான்கு படிகளாகச் சொன்னார். முதலில் மக்களுக்கு அரசியல் தெரிவதே ஊடகம் வழியாகத்தான் என்றாகிறது. பிறகு ஊடகம் கட்சிகளின் பிடியிலிருந்து விலகித் தன் காலில் நிற்கிறது. மூன்றாவதில் அரசியல்வாதி அதற்கு வளைந்து கொடுக்கிறார். நான்காவதில் வளைகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லாமல் போகிறது.

புதுச்சேரியில் சுதேசி மில் அருகே நடக்கும் ஓர் ஆர்ப்பாட்டத்தை நின்று பாருங்கள். கேமராக்கள் வரும்வரை கூட்டம் நிழலில் நிற்கும். வந்ததும் பேனர் விரியும், கோஷம் எழும். தலைவர் அரை மணி நேரம் பேசினாலும், இறங்கியதும் மைக்குகள் முன்னால் ஒரு நிமிடம் தனியாகப் பேசுவார். செய்தியாளர்கள் அதற்கு 'பைட்' என்பார்கள். "பைட் குடுங்க சார்" என்று கேட்டதும் அவர் கொடுத்தால் அது மூன்றாவது படி. மேடைப் பேச்சையே இருபது நொடிக்கு ஒருமுறை வெட்டியெடுக்கத் தோதான வாக்கியமாகக் கட்டிக்கொண்டு வந்தால் அது நான்காவது.

இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நல்ல சோதனை, கேமரா இல்லாத இடத்தைப் பார்ப்பதுதான். எந்தச் சேனலும் வராத திடலில் பையன் முப்பது நொடி எண்ணுகிறான் என்றால், தொலைக்காட்சியின் தேவை ஆட்டத்தின் இயல்பாகவே மாறிவிட்டது என்று பொருள்.

ஆனால் கண்ட நேர மாற்றத்தையெல்லாம் இந்தக் கணக்கில் எழுதக் கூடாது. தேர்தல் கூட்டம் இரவு பத்து மணிக்கு அடங்குவது ஒலிபெருக்கிக் கட்டுப்பாட்டால். ஆர்ப்பாட்டம் காலையில் நடப்பதற்குக் கேமரா பாதிக் காரணம் என்றால், வெயிலும் அலுவலக நேரமும் மீதிப் பாதி. ஊடக ஆய்வாளர் நிக் கூல்ட்ரியின் ஆட்சேபமும் நியாயமானது: எல்லா ஊடகத்துக்கும் ஒரே தர்க்கம் இருப்பதாகப் பேச முடியாது. தொலைக்காட்சிக்கு ஒரு மணி நேரக் கட்டம் வேண்டும்; கைப்பேசியில் ஓடும் குட்டி வீடியோவுக்கு ஒரு பிடி போதும். அந்தப் பொங்கல் ஆட்டத்திலேயே பாதிப் பேர் வீடியோ எடுத்தது முழு ஆட்டத்தை அல்ல, மூன்றாவது ரெய்டை மட்டும்.

பாடுவது மட்டும் இன்னும் விதியில் இருக்கிறது. அந்தப் பையன் "டைம்" சொன்னபோதும், கோட்டுக்குள் இருந்தவர் "கபடி கபடி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.