11-ஐயும் 34-ஐயும் பக்கத்தில் வைக்காதீர்கள்

நான் வரித் தணிக்கை பார்த்துக்கொடுக்கும் ஒரு வாடிக்கையாளரின் மகன், கல்லூரிக்குத் தயாரித்த கட்டுரையைக் காட்டினான். "இந்தியா ஜிடிபியில் 11% தான் வரியாக வசூலிக்கிறது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் சராசரி 34%. மூன்றில் இரண்டு பங்கு ஏய்ப்பு" என்று எழுதியிருந்தான். இரண்டு எண்களும் சரி. அவற்றைப் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு.

2022-23-இல் மத்திய அரசின் மொத்த வரி வருவாய் சுமார் 30.5 லட்சம் கோடி ரூபாய். ஜிடிபி, அப்போதைய கணக்குப்படி, சுமார் 269 லட்சம் கோடி. வகுத்தால் 11.3% வருகிறது. ஆனால் இதில் மாநில ஜிஎஸ்டி, பத்திரப்பதிவு முத்திரைத்தீர்வை, பெட்ரோல் மீதான வாட் எதுவும் கிடையாது. ஓஇசிடி கணக்கிலோ மத்திய, மாநில, உள்ளாட்சி வரிகள் எல்லாமே உண்டு.

அப்படியானால் மாநில வரியையும் கூட்டலாமே? கூட்டலாம், ஆனால் கவனம் வேண்டும். மாநில பட்ஜெட்டில் வரி வருவாய் என்று இருக்கும் தொகையில் மத்திய வரியிலிருந்து வரும் பங்கும் சேர்ந்திருக்கும். அந்தப் பங்கு மத்திய அரசின் 'மொத்த' வரியில் ஏற்கெனவே இருப்பதால், இரண்டு முறை எண்ணிவிடுவோம். 'சொந்த வரி வருவாய்' என்ற தொகையை மட்டும் எடுக்க வேண்டும். அது ஜிடிபியில் 6 முதல் 7% வரை. ஆக, 17, 18% என்று வரும்.

அப்புறம், அந்த 34%-இல் ஏறத்தாழ கால்வாசி சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு. ஜெர்மனியில் ஊழியரின் ஓய்வூதியத்துக்குப் பிடிக்கும் பணம் வரிக் கணக்கில் ஏறும். இங்கே சம்பளத்தில் பிடிக்கும் பி.எஃப். அவரவர் பெயரிலேயே சேருவதால் அது வரி இல்லை. பிடித்தம் என்னவோ இரண்டு ஊரிலும் பிடித்தம்தான்! ஆஸ்திரேலியாவின் விகிதம் பல ஐரோப்பிய நாடுகளைவிடக் குறைவாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம். அங்கும் ஓய்வுக்கால சேமிப்பு கட்டாயம், ஆனால் வரியில் சேராது.

சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பைக் கழித்தால் 34 சுமார் 25 ஆகிறது. 23 புள்ளி இடைவெளி 7, 8 ஆகச் சுருங்கிவிட்டது.

மிச்ச இடைவெளி நிஜம். ஆனால் அதையும் ஏய்ப்பு என்று சொல்லிவிட முடியாது. விவசாய உற்பத்தி ஜிடிபியில் ஏறுகிறது. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. வருமான வரி வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவரின் உழைப்பும் அப்படித்தான். சட்டப்படி கேட்கவே படாத வரியும் கேட்டுக் கட்டாத வரியும் இந்த விகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

பையன் ஏய்ப்பு பற்றிய அந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு, "ஏய்ப்பு எவ்வளவு என்று எதில் பார்ப்பது அங்கிள்?" என்றான். சட்டப்படி வர வேண்டியது எவ்வளவு என்பதைத் தனியாக மதிப்பிட்டு, வந்ததை அதிலிருந்து கழிக்க வேண்டும். அதற்கு 'வரி இடைவெளி' என்று பெயர். பிரிட்டன் வரித்துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.