“அவன் ஒரு வரி கூட எழுதலக்கா”: குழு ப்ராஜெக்ட்டும் கோட் எழுதாத நான்காவது ஆளும்

எனக்கு ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனிக்கிழமைகளில் தாம்பரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டைக் கூட உட்கார்ந்து பார்த்துக் கொடுக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் போதும், ஏதாவது ஒரு குழுவிலிருந்து மூன்று பேர் மட்டும் வந்து நிற்பார்கள். நான்காவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருப்பார்கள்.

அப்படி வந்த ஒரு குழுவின் கதையை விவரமாகச் சொல்கிறேன். கல்லூரி லேபில் கருவிகளை இரவல் கொடுத்து வாங்கும் கணக்கை வைத்துக்கொள்ள ஜாங்கோவில் ஒரு வெப்சைட், பின்னால் மைசீக்வல். இரண்டாவது ரிவியூ முடிந்திருந்தது, வைவாவுக்கு ஐந்து வாரம் பாக்கி. “அவன் ஒரு வரி கூட எழுதலக்கா, பேரை எடுத்துடச் சொல்லி கைடுகிட்ட சொல்லப்போறோம்” என்றாள் குழுத் தலைவி. கோபம் நியாயமாகத்தான் தெரிந்தது. சரி, முதலில் ரெப்போவைத் திற என்றேன்.

```
git shortlog -sne --all --no-merges
git log --reverse --stat
```

முதல் கட்டளை யார் பெயரில் எத்தனை கமிட் என்று காட்டும். தலைவிக்கு 58, இரண்டாமவனுக்கு 23, மூன்றாமவளுக்கு 9, நான்காவது பையனின் பெயரே இல்லை. அதோடு, லேப் கம்ப்யூட்டர் பெயரில் யாருடையது என்றே தெரியாத 4 கமிட். விசாரித்தால், மூன்றாமவள் கல்லூரி லேபில் உட்கார்ந்து செய்தவை. அந்தக் கணினியில் `user.email` மாற்றாமல் விட்டதால் அவள் கணக்கில் ஏறவில்லை. யார் மீதாவது குறை சொல்லும் முன் இந்த ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். நண்பனின் லேப்டாப்பில் இரண்டு பேர் உட்கார்ந்து எழுதினாலும் இதே கதைதான், ஒருவர் பெயர் மட்டும்தான் விழும். அப்படிச் சேர்ந்து எழுதினால் கமிட் செய்தியின் கடைசியில் `Co-authored-by:` என்று போட்டு மற்றவரின் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதிவிட்டால் அது பதிவில் நிற்கும், ஆனால் மேலே போட்ட `shortlog` எண்ணிக்கையில் தானாக ஏறாது. வரிக்கணக்கையும் நம்ப வேண்டாம். இரண்டாமவன் சேர்த்த வரிகளில் பெரும்பகுதி, பூட்ஸ்ட்ராப் கோப்புறையை அப்படியே உள்ளே போட்டதால் வந்தது.

எனக்கு விஷயம் புரிந்தது இரண்டாவது கட்டளையில். அது கமிட்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் காட்டும். முதல் கமிட்டின் பெயர் `initial commit`, அதில் 41 கோப்பு, ஐயாயிரத்துச் சொச்சம் வரி. பொங்கல் லீவில் நான்கே நாளில் தலைவி மொத்த ப்ராஜெக்ட்டின் எலும்புக்கூட்டையும் தனியாகக் கட்டி, ராத்திரி இரண்டு மணிக்கு ஏற்றியிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். ஆனால் லீவு முடிந்து வந்த மற்ற மூன்று பேருக்கும் அது வேறு யாரோ கட்டி முடித்த வீடு. எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம் என்று கூட அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்காவது பையனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். “டாக்குமென்டேஷன், பிபிடி, அப்புறம் டேட்டாபேஸ்ல ஹெல்ப்.” அதாவது கோட் எழுதத் தேவையே இல்லாத வேலையை ஜனவரியில் கொடுத்துவிட்டு, மார்ச்சில் கோட் எழுதவில்லை என்கிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பையனும் வந்தான். வாட்ஸப் குழுவில் ஜனவரி மாதத்துக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். `pip install` போட்டபோது `mysqlclient` ஏறாமல், “Microsoft Visual C++ 14.0 or greater is required” என்று திரை முழுக்கச் சிவப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒன்று. பதில் இல்லை, அதற்குக் கீழே யாரோ பிறந்தநாள் வாழ்த்து. அதன் பிறகு அவன் குழுவில் எதுவும் கேட்கவே இல்லை. அவனுக்கும் தப்பு உண்டு, இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது சரியில்லை, அதையும் அவனிடம் சொன்னேன். ஆனால் ப்ராஜெக்ட் தன் லேப்டாப்பில் ஒரு முறை கூட ஓடாத ஆள் எதை எழுதுவான்? காரணமும் சின்னதுதான். அவனிடம் இருந்த பைத்தான் மற்றவர்களுடையதைவிடப் புதிய பதிப்பு. அதற்கு ஏற்றபடி தயாராகக் கட்டிய கோப்பு கிடைக்காததால், `pip` மூலத்திலிருந்து கட்டப் பார்த்து, கம்பைலர் இல்லாமல் நின்றுவிட்டது. மற்றவர்கள் வைத்திருந்த அதே பதிப்பைப் போட்டு, புது வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உண்டாக்கியதும் ஓடியது. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை.

அதனால் இப்போதெல்லாம் எந்தக் குழு வந்தாலும் முதல் வாரத்துக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எல்லோருடைய லேப்டாப்பிலும் வெறும் ப்ராஜெக்ட் ஓட வேண்டும், ஒவ்வொருவரும் தன் பெயரில் ஒரு சின்ன மாற்றத்தையாவது புஷ் செய்திருக்க வேண்டும். பக்கத்தில் தன் பெயரைச் சேர்த்தால் கூடப் போதும். அது நடக்கும் வரை யாரும் பெரிதாக எதையும் கட்டக் கூடாது, எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் சரி.

அப்புறம் வேலைப் பிரிவினை. பிள்ளைகள் எப்போதும் பிரிப்பது இப்படித்தான்: ஒருவர் ஃப்ரன்ட்எண்ட், ஒருவர் பேக்எண்ட், ஒருவர் டேட்டாபேஸ், மிச்சமிருப்பவர் டாக்குமென்ட். பார்க்க நான்கு சம பங்கு மாதிரி இருக்கும், ஆனால் நிஜத்தில் டேட்டாபேஸ்காரருக்கு டேபிள் போட்டதும் முதல் வாரத்திலேயே வேலை முடிந்துவிடும், ஃப்ரன்ட்எண்ட்காரர் பேக்எண்ட் வரட்டும் என்று காத்திருப்பார், பேக்எண்ட்காரர் தலையில் எல்லாம் விழும், டாக்குமென்ட்காரர் கோட் பக்கமே வர மாட்டார். வைவாவில் எக்ஸ்டர்னல் “நீ செஞ்ச பகுதியைக் காட்டு” என்றால் இரண்டு பேர் முழிப்பார்கள்.

இதற்குப் பதிலாக, வெப்சைட் செய்து தரும் ஒவ்வொரு வசதியையும் ஒருவருக்கு என்று பிரியுங்கள். இந்தக் குழுவில் மாணவர் கருவி கேட்பது ஒருவர், ஆசிரியர் அனுமதிப்பது ஒருவர், திருப்பி வாங்கி அபராதம் போடுவது ஒருவர், தேதி தாண்டியவற்றின் பட்டியல் ஒருவர் என்று மாற்றினோம். ஒவ்வொருவரும் தன் வசதிக்கு வேண்டிய டேபிள், கணக்கு, பக்கம், டெஸ்ட் நான்கையும் தொட வேண்டும், ரிப்போர்ட்டில் அந்த அத்தியாயத்தையும் அவரே எழுத வேண்டும். சமமாக வெட்ட முடியாது என்பது உண்மைதான். அனுமதிப் பகுதி பட்டியலைவிடக் கனமானது, அதைத் தலைவியே எடுத்துக்கொண்டாள், தெரிந்தே எடுத்துக்கொண்டதால் பிறகு சண்டை வரவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். மற்றவர் பிரான்ச்சில் அவள் கை வைக்கக் கூடாது. குறை இருந்தால் கருத்து எழுதலாம், அதுவும் ஒரு நாளுக்குள். நன்றாகத் தெரிந்தவர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி எழுதிவிட்டால், எழுதியவர் அடுத்த முறை பாதியோடு விட்டுவிடுவார், எப்படியும் அவள் மாற்றப் போகிறாளே என்று.

நான்காவது பையனுக்குப் பட்டியல் வந்தது. முதல் வேலைக் கார்டு இரண்டு சாயங்காலத்தில் முடியும் அளவுக்குச் சின்னது: இருக்கிற பக்கத்தில் திருப்ப வேண்டிய தேதியைக் காட்டு. முடித்தான். அடுத்ததுதான் பட்டியல்.

```python
today = timezone.localdate()
late = Loan.objects.filter(returned_at__isnull=True,
                           due_date__lt=today)
```

மூன்றே வரி. ஆனால் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி 12:40-க்கு வீட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறான், முந்தின நாளோடு தவணை முடிந்த மல்டிமீட்டர் பட்டியலில் வரவில்லை. காலையில் பார்த்தால் வந்துவிட்டது. மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருப்பார்கள், இவன் விடவில்லை. `settings.py`-இல் `TIME_ZONE` ஜாங்கோ போட்டுக் கொடுத்த `'UTC'` ஆகவே இருந்திருக்கிறது. நமக்கு 12:40 என்றால் அங்கே முந்தின நாள் இரவு 7:10, ஆக அதிகாலை ஐந்தரை வரை “இன்று” என்பது நேற்றுதான். அதை `'Asia/Kolkata'` என்று மாற்றினான். அதே பிழை அபராதக் கணக்கிலும் ஒளிந்திருந்தது, சேர்த்தே சரியானது. அந்த வாரம் ரிவ்யூ கருத்தில் தலைவி எழுதியிருந்தது: “நல்ல வேளை பாத்தடா.”

எல்லாக் கதையும் இப்படிப் போகாது. வேறொரு வருடம், மூன்று பேர் குழு. அதில் ஒரு பையனின் லேப்டாப்பில் ப்ராஜெக்ட் ஓடுகிறது, கார்டு கையில் இருக்கிறது, உதவிக்கும் ஆள் இருக்கிறது, ஆனால் இரண்டு சனிக்கிழமையும் ஒரே பதில்: “முடிச்சிட்டேன்க்கா, புஷ் மட்டும் பண்ணணும்.” இந்த மாதிரி இடத்தில் நான் கேட்பது, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கே ஒரு பிரான்ச்சில் ஏற்று என்பதுதான். நிஜமாக எழுதிக்கொண்டிருப்பவரிடமிருந்து அன்று சாயங்காலமே ஓடாத கோடாவது வந்துவிடும். வரவே இல்லை என்றால் எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்போது குழுவில் எல்லோர் முன்னாலும் திட்டாமல் தனியாக ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். கிட்டத்தட்ட இப்படி: “லாகின் பக்கம் 8-ஆம் தேதி தரேன்னு சொன்ன, 15-ஆம் தேதியும் வரல. ஏதாவது சிக்கல் இருந்தா சொல்லு, சேர்ந்து உட்காரலாம். புதன்கிழமைக்குள்ள ஒண்ணும் ஏறலன்னா அதை நாங்க எடுத்துக்கறோம், சார்கிட்டயும் சொல்லிடுவோம்.” வீட்டில் உடம்பு சரியில்லை, ஃபீஸ் கட்ட வேலைக்குப் போகிறேன் என்ற உண்மைகள் பல சமயம் இந்தத் தனிச் செய்திக்குத்தான் வெளியே வரும். வந்தால் கைடிடம் சேர்ந்தே போய்ச் சொல்லி வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். இவன் விஷயத்தில் நீல டிக் மட்டும் வந்தது.

வியாழக்கிழமை கைடிடம் போனார்கள். கார்டு, அதில் போட்ட தேதிகள், அந்தச் செய்தி, ரெப்போவின் கமிட் பட்டியல். சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்ற சொற்களை விட்டுவிடச் சொல்லியிருந்தேன். மூன்றாவது ரிவியூவுக்கு நான்கு வாரம் இருந்தபோதே போனதால் அவரால் ஏதாவது செய்ய முடிந்தது, வைவாவுக்கு முந்தின நாள் போனால் எந்த கைடும் “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கப்பா” என்றுதான் சொல்வார். நடுவில் இரக்கப்பட்டு ஒரு பெண் அவன் பெயரில் தானே கமிட் போட்டுவிடலாமா என்று கேட்டாள். கூடாது. எக்ஸ்டர்னல் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் மூன்று பேருமே மாட்டிக்கொள்வார்கள், அது பொய்யும் கூட.

கைடு லாகினை மற்ற இருவருக்கும் மாற்றினார். அவனுக்கு எக்செல் இறக்குமதி என்று தனியாக ஒரு பகுதி கொடுத்தார், அது வராவிட்டாலும் மீதி ப்ராஜெக்ட் நிற்காது. பாதி வரை செய்தான். ரிப்போர்ட்டில் யார் என்ன செய்தார்கள் என்ற பக்கத்தில் அந்தப் பாதியை உள்ளபடியே எழுதினார்கள், அவனும் கையெழுத்துப் போட்டான். கைடு தன் கையில் இருந்த மதிப்பெண்ணை மூன்று பேருக்கும் தனித்தனியாகப் போட்டார்.