கணவருக்கு எச்.ஐ.வி. என்று நர்ஸுக்குத் தெரியும். மனைவியிடம் சொல்லலாமா?

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே ஆறேழு மாதம் வேலைக்குப் போய் வந்த 34 வயதுக்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்கு முன்னால் அவருடைய சம்மதத்தோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது உறுதியாகிவிட்டது. வார்டு நர்ஸுக்கு அது தெரியும். படுக்கையோரம் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குத் தெரியாது. மருந்து கொடுக்கப் போகும்போதெல்லாம், "ஏனுங் சிஸ்டர், இவருக்கு ரத்தத்துல என்னமோன்னு பேசிக்கிறாங்களே, என்னங்க அது?" என்று கேட்கிறார்.

அந்தப் பெண்ணுக்கும் தொற்று வரலாம், ஏற்கெனவே வந்தும் இருக்கலாம். மனசாட்சி உள்ள எந்த நர்ஸுக்கும் சொல்லிவிடலாமா என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் பதில் தெளிவானது: நர்ஸ் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய வழி வேறு இருக்கிறது, அதைத் தொடங்கி வைப்பதுதான் நர்ஸின் வேலை.

இதற்கான சட்டம் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்கிறது 8-ஆம் பிரிவு. அவருக்கு சிகிச்சை கொடுக்கும் டாக்டர், நர்ஸ் ஆகியோர் சிகிச்சைக்குத் தேவையான அளவுக்குத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம், நீதிமன்றம் உத்தரவிட்டால் சொல்லலாம். இப்படிச் சில விலக்குகள் உண்டு. வாழ்க்கைத் துணை பற்றித் தனியாகப் பேசுவது 9-ஆம் பிரிவு. துணையிடம் சொல்லும் அதிகாரத்தை டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான் அது தருகிறது. மருத்துவப் பணியில் இருக்கும் வேறு யாருக்கும் தரவில்லை.

அந்த இருவரும்கூட நினைத்தவுடன் சொல்லிவிட முடியாது. நான்கு நிபந்தனைகள் ஒன்றுவிடாமல் நிறைவேற வேண்டும். துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்கிறது என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும். துணையிடம் சொல்லும்படி நோயாளிக்கு ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். அவர் சொல்லப் போவதில்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். கடைசியாக, "நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் சொல்லப்போகிறோம்" என்று நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். அதற்கப்புறமும், துணையை நேரில் உட்காரவைத்து, ஆலோசனை கொடுத்துத்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்வதும், ஆள் அனுப்பிச் சொல்வதும் கூடாது.

நம் ரிக் வண்டிக்காரர் விஷயத்தில் இது எப்படி நடக்கும்? நர்ஸ் முதலில் டாக்டரிடம் சொல்கிறார்: "மனைவி கூடவே இருக்காங்க, அவங்களுக்கு ஒண்ணும் தெரியலைங்க சார், கேட்டுக்கிட்டே இருக்காங்க." டாக்டர் நோயாளியை அதே வளாகத்தில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஆலோசகர் தனி அறையில் வைத்துப் பேசுகிறார். பெரும்பாலும் ஒரே பேச்சில் முடியாது. "அவ தாய்வீட்டுக்குப் போயிருவா", "மாமனார் ஊரைக் கூட்டிருவாரு" என்ற பயம் முதலில் கொட்டும். ஆலோசகர் அவசரப்படுத்தாமல், மனைவியையும் கூட்டி வாருங்கள், மூவருமாக உட்கார்ந்து பேசலாம் என்று வழி சொல்வார். நோயாளி ஒப்புக்கொண்டால் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, மனைவியிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் அன்றைக்கே அவருக்கும் பரிசோதனை செய்துவிடலாம். முடிவு தொற்று இல்லை என்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. புதிதாகத் தொற்றியிருந்தால் சில வாரங்களுக்குப் பரிசோதனையில் காட்டாது, அதனால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

எவ்வளவு பேசியும் அவர் மறுத்தால்தான் 9-ஆம் பிரிவு. அப்போதும் சட்டம் டாக்டருக்குத் தருவது அதிகாரம், கட்டாயம் இல்லை. இந்தப் பிரிவின்படி சொன்னதற்காகவோ சொல்லாததற்காகவோ டாக்டர் மீதும் ஆலோசகர் மீதும் வழக்குப் போட முடியாது. துணை யார், எங்கே இருக்கிறார் என்று தேடிப் போகும் பொறுப்பும் அவர்களுக்குக் கிடையாது.

சரி, இத்தனைக்கும் நடுவில் மனைவி கேட்கும் கேள்விக்கு நர்ஸ் என்ன சொல்வது? பொய் சொல்லக் கூடாது. "ஒண்ணுமில்லைங்க, சாதாரண காய்ச்சல்தான்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண் பரிசோதனைக்கே போகமாட்டார். "ரிப்போர்ட் பத்தி டாக்டர்தாங்க சொல்லணும், உங்க வீட்டுக்காரரையும் வச்சுக்கிட்டு அவர்கிட்டயே கேளுங்க" என்பது போதும். அது உண்மை. எந்த நோயாளியின் உறவினர் கேட்டாலும் இதே பதிலைச் சொல்லிப் பழகியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

வாயைத் திறந்து சொல்லாமலே ரகசியம் வெளியேறும் இடங்களைத்தான் நான் அதிகம் கவலையோடு பார்க்கிறேன். கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் ஒரு குறி. படுக்கையை வார்டின் கடைசி மூலைக்குத் தள்ளுவது. அந்த ஒரு நோயாளிக்கு மட்டும் இரண்டு ஜோடி கையுறை. ஷிஃப்ட் மாறும்போது படுக்கையருகே நின்று சத்தமாகச் சொல்வது. இவற்றைப் பார்த்தே பக்கத்துப் படுக்கைக்காரர்கள் புரிந்துகொள்கிறார்கள், மாலைக்குள் விஷயம் ஊருக்குப் போய்விடும். ரத்தம் படும் வேலை எதுவாக இருந்தாலும் எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரிக் கையுறை போட வேண்டும் என்பதுதான் விதி. யாருக்கு என்ன தொற்று என்று தெரியாமலே அது நர்ஸைக் காப்பாற்றுகிறது, நோயாளியையும் காட்டிக்கொடுப்பதில்லை.

நோயாளி பெண்ணாக இருந்தால் சட்டம் இன்னும் ஒரு படி கவனமாகிறது. கணவரிடம் சொன்னால் அடி விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள், அவருடைய குழந்தைகளுக்கோ நெருங்கியவர்களுக்கோ கெடுதல் வரும் என்று நியாயமான அச்சம் இருந்தால் டாக்டரும் ஆலோசகரும்கூடக் கணவரிடம் சொல்லக் கூடாது. இந்த அச்சத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். பழைய காயத்தின் தழும்பு, கணவர் வந்து நின்றதும் பேச்சு நின்றுபோவது, இதெல்லாம் ஆலோசகருக்குத் தெரியாது. நர்ஸ் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாமியார், அண்ணன், பங்காளி ஆகியோர் 9-ஆம் பிரிவுக்குள் வரவே மாட்டார்கள். துணை என்றால் கணவன், மனைவி, அல்லது திருமணம் போன்ற உறவில் வாழ்பவர் என்று சட்டம் சொல்கிறது. ஒரே வீட்டில் சாப்பிடுவதாலும், ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதாலும் எச்.ஐ.வி. தொற்றாது என்பதால் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டிய அவசியமும் இல்லை. காசநோய் வேறு. அது காற்றில் பரவும் என்பதால் வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளை, சுகாதாரப் பணியாளர்கள் வந்து பரிசோதிப்பது திட்டத்திலேயே இருக்கிறது. அந்த நடைமுறையை எச்.ஐ.வி.க்குக் கொண்டுவரக் கூடாது.

ரகசியம் வெளியே போய்விட்டது என்று நினைக்கும் நோயாளி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையாக இருந்தால் அங்குள்ள புகார் அதிகாரியிடம் போகலாம். இந்தச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கும் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடமும் புகார் கொடுக்கலாம், அவர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள், கட்டணம் இல்லை.

நம் பக்கத்தில் நர்ஸ்களை மிகவும் வதைப்பது நிச்சயதார்த்தக் கேள்வி. நோயாளி நர்ஸின் ஊர்க்காரர், அவர் கட்டப்போகும் பெண்ணோ நர்ஸின் ஒரம்பரை வீட்டுப் பெண், அடுத்த மாதம் கல்யாணம். 1998-இல் உச்ச நீதிமன்றம் இப்படியொரு வழக்கைப் பார்த்தது. மருத்துவமனை மூலம் விஷயம் வெளியே தெரிந்து கல்யாணம் நின்றுபோனவர் வழக்குப் போட, மணக்க இருந்த பெண்ணின் உடல்நல உரிமை பெரியது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைக் காட்டி நர்ஸ் நேராகப் பெண் வீட்டில் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 2017 சட்டம் அதற்குப் பின்னால் வந்தது, இன்னும் கல்யாணம் ஆகாத பெண் அதன் "துணை" என்ற வரையறைக்குள் நேரடியாக வருவதில்லை. அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பிறருக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை நோயாளி மேலேயே வைக்கிறது. கல்யாணத் தேதி இன்னதென்று டாக்டரிடமும் ஆலோசகரிடமும் அன்றைக்கே சொல்வதுதான் நர்ஸ் செய்யக்கூடியது. தேதி தெரிந்தால் ஆலோசகர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் நோயாளியை உடனே அழைத்துப் பேசுவார்.